பத்து வயசுப் பையனுக்கு முதலில் கீபோர்டா, கிட்டாரா?

குளச்சல் பக்கம் எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. மச்சான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஸ்டீல் கம்பி கிட்டார் ஏற்கனவே இருந்தது. பையனுக்குப் பத்து வயசானதும் 61 கட்டை கீபோர்டு வாங்கினோம். எந்தப் பயிற்சியும் இல்லாதவன், இரண்டையும் மாறி மாறி எடுத்தான். கீபோர்டுதான் நிலைத்தது.

சி மேஜர் கார்டையே எடுத்துக்கொள்வோம். கீபோர்டில் சி, ஈ, ஜி என்று மூன்று வெள்ளைக் கட்டைகளை அழுத்தினால் போதும். கிட்டாரில் மூன்று விரல்கள் மூன்று ஃபிரெட்டில் பரவி நிற்க வேண்டும். அதோடு பக்கத்துக் கம்பியிலும் படக்கூடாது. சத்தம் செத்துப்போனால் சுருதி விலகியதா, அழுத்தம் போதவில்லையா, விரல் இடிக்கிறதா என்று அவனுக்குப் பிடிபடாது. "அப்பா, வெரலு எரியுது" என்று வைத்துவிடுவான். ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பார்க்கச் சொன்னேன். எது செத்துச் சத்தம் தருகிறதோ அங்கேதான் கோளாறு.

பாதிப் பிரச்சினை அந்தக் கிட்டாரில்தான். பெரியவர்கள் அளவு, 12வது ஃபிரெட்டில் கம்பி 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தது. சின்ன விரலுக்கு அது தண்டனை. குழந்தை கிட்டார்தான் வேண்டுமென்று அடம்பிடித்தால் முக்கால் அளவு, நைலான் கம்பி வாங்குங்கள். இழுவிசை குறைவு, விரலும் அவ்வளவாக வலிக்காது. எங்கள் கடல்காற்றில் ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடைத்தே ஆக வேண்டும்.

கீபோர்டிலும் ஒரு பொறி உண்டு, டிரான்ஸ்போஸ் பட்டன். கோவில் பாடகர் குழுவில் யார் எந்தச் சுருதியில் எடுத்தாலும் பட்டனைத் தட்டிவிட்டு சி-யிலேயே வாசித்துவிடலாம். நம்ம ஆளும் அதைக் கண்டுபிடித்தான். விளைவு, கருப்புக் கட்டைகளைத் தொடவே பயம். மாஸ்டர், "அதத் தொடாத மக்களே, ஜி-யிலயே வாசி" என்று சொல்லிச் சொல்லித்தான் மாற்றினார். ஜி ஸ்கேலில் ஒரே ஒரு கருப்புக் கட்டை, எஃப் ஷார்ப். பழக நல்ல இடம். ஒற்றை விரலில் கார்டு தரும் தானியங்கி வசதியையும் அணைத்தே வைத்தோம். இடது கை சோம்பிவிடும்.

கட்டைகள் முழு அளவாகவும், அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறைவதாகவும் இருக்க வேண்டும். குட்டிக் கட்டை பொம்மைகளை வாங்கவே வேண்டாம். கீபோர்டுக்குள் தூசி புகுந்தால் ஒரு கட்டை மட்டும் திடீரென உரக்கக் கத்தும் அல்லது ஊமையாகும். உள்ளே ரப்பர் தொடுமுனையில் அழுக்கு என்று அர்த்தம். வாசிக்காதபோது துணி போட்டு மூடினால் போதும்.

இப்போது பன்னிரண்டு தாண்டியதும் அதே கிட்டாரைக் கம்பி தாழ்த்தி எடுத்துக் கொடுத்தோம். எந்தக் கார்டில் என்னென்ன ஸ்வரம் என்று தெரிந்ததால் இடது கை வேகமாகப் பழகியது. வலது கை ஸ்ட்ரம்மிங் மட்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. ஒரே விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்து, பார் போட்டுப் பிடிக்கும் எஃப் கார்டு இன்னும் அவனுக்கு ஒழுங்காக வரவில்லை.