62-இல் 28 போனால்: இரண்டு வருடம் எங்கள் வீட்டில் புழங்கிய கணக்குப் புத்தகங்கள்

என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது கணக்கு நோட்டை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்பாள். நடிப்பில்லை, நிஜமாகவே முகம் வெளிறிப் போகும். அல்சூரில் இருக்கிறோம். பெங்களூரில் பாடப் புத்தகம் என்றால் அவென்யூ ரோடுதானே, அங்கே போய் நாலைந்து பயிற்சிப் புத்தகங்கள் வாங்கி வந்தேன். எல்லாவற்றிலும் பக்கத்தின் மேல் மூலையில் ‘நேரம்: 5 நிமிடம்’ என்று போட்டிருந்தது. இரண்டு மாதம் அதை வைத்து உட்கார்ந்தோம். அவள் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கடிகாரத்தைத்தான் பார்த்தாள். எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டேன். பயந்த பிள்ளைக்கு அந்த மாதிரிப் புத்தகம் வேண்டவே வேண்டாம்.

எனக்கு வழி காட்டியது, குழந்தைக்காக எழுதப்படாத ஒரு புத்தகம். லிபிங் மா எழுதிய ‘நோயிங் அண்ட் டீச்சிங் எலிமென்டரி மேத்தமேடிக்ஸ்’, 1999-இல் வந்தது. அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார். முதல் அத்தியாயமே கடன் வாங்கிக் கழித்தல். எங்கள் வீட்டுச் சண்டை முழுக்க அதில்தான் இருந்தது.

62-இல் 28 போனால் அவள் 46 என்று எழுதுவாள். கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த அத்தியாயத்தைப் படித்த பிறகு பழைய நோட்டை எடுத்து, கழித்தல் கணக்குகளை மட்டும் வரிசையாகப் பார்த்தேன். 62-இல் 21 சரியாக இருந்தது. 42-இல் 18-க்கு 36. 71-இல் 35-க்கு 44. அதாவது கீழே பெரிய எண் வந்தால், மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறாள். தப்பு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் அது கவனக்குறைவு இல்லை. பிள்ளை ஒரு விதி வைத்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டிலும் முதலில் இதைப் பாருங்கள்.

அந்தப் புத்தகம் சொல்லும் இன்னொரு விஷயம் எனக்குப் பெரிய திறப்பு. ‘கடன் வாங்கு’ என்பது வெறும் செய்முறை. உள்ளே நடப்பது ஒரு பத்தைப் பிரித்து பத்து ஒன்றுகளாக்குவது. ஆனால் இதற்கும் அடித்தளம் 20-க்குள் கூட்டலும் கழித்தலும்தான் என்று சீன ஆசிரியர்கள் சொல்கிறார்கள். சரி, அதைச் சோதிப்போம் என்று 12-இல் 8 போனால் எவ்வளவு என்று கேட்டேன். விரலை மடக்கி 12, 11, 10 என்று தொடங்கி எட்டு எண் சொல்லி, 5 என்றாள். 12-ஐயே முதல் விரலாக எண்ணியதால் ஒன்று கூடிவிட்டது. மேல் கட்டடத்தை எத்தனை நாள் பூசினாலும் நிற்காது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் மூன்று மாதம் 20-ஐத் தாண்டவே இல்லை. தென்னந்துடைப்பத்துக் குச்சிகளை விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். எண்களைத் தமிழில் சொல்லவைத்தேன். பள்ளியில் தேர்ட்டீன், தேர்ட்டி இரண்டும் அவளுக்குக் குழம்பும். பதிமூன்று, முப்பது என்றால் பத்து எங்கே இருக்கிறது, எத்தனை பத்து என்று காதிலேயே விழுகிறது. தொண்ணூறு மட்டும் இதில் சேராது, அதைத் தனியாகப் பழக்க வேண்டியிருந்தது.

அப்புறம் 62-க்குத் திரும்பினோம். ஆறு கட்டு, இரண்டு உதிரி. “இதுல இருபத்தெட்டு எனக்குக் குடு கண்ணு” என்றேன். இரண்டு கட்டைத் தந்தாள். இரண்டு உதிரியையும் தந்தாள். கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். “அம்மா, இன்னும் ஆறு வேணும், கட்டைப் பிரிக்கட்டுமா?” என்று கேட்டு, ரப்பர் பேண்டைக் கழற்றி ஆறு குச்சியை எண்ணி வைத்தாள். மூன்று கட்டு, நான்கு உதிரி. 34. எட்டை இரண்டும் ஆறுமாக உடைத்துக் கழிக்கும் இந்த வழியும் அதே அத்தியாயத்தில், பிள்ளைகள் கண்டுபிடிக்கும் வழிகளில் ஒன்றாக இருக்கிறது. படித்திருக்காவிட்டால், “அப்படி இல்ல, முதல்ல கடன் வாங்கு” என்று நானே அதைக் கெடுத்திருப்பேன்.

பள்ளியில் வேறு கதை. விடை சரியாக இருந்தும் அடித்துத் திருத்திய எண் மேலே இல்லை என்று மதிப்பெண் குறைத்தார்கள். எனக்கு வருத்தம்தான். குச்சியில் ஒருமுறை, அதையே பள்ளி முறையில் தாளில் ஒருமுறை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செய்ய வைத்ததில் அது சரியாவதற்கு ஒரு மாதம் ஆனது.

பூஜ்யம் வந்ததும் மறுபடி சறுக்கினாள். 302-இல் 147 கேட்டால் 145 என்றாள். நூறிலிருந்து நேராக ஒன்றுக்குக் கொண்டுபோய்விட்டாள், நடுவில் இருக்கும் பத்துகளைத் தொடவே இல்லை. பத்துக் கட்டுகளைச் சேர்த்துப் பெரிய நூறு கட்டு மூன்று செய்தோம், இரண்டு துடைப்பம் காலி. ஒரு நூறைப் பிரித்தால் பத்துக் கட்டு. அதில் ஒரு கட்டைப் பிரித்தால் மீதி ஒன்பது. தாளில் பூஜ்யத்தின் தலையில் ஏன் 9 எழுதுகிறோம் என்பதை நானே அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். விடை 155.

லிபிங் மா புத்தகத்தின் குறையையும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களுக்கான ஆய்வு நூல், நடை கனமானது, நாளைக்கு என்ன செய்வது என்று சொல்லாது. முதல் அத்தியாயம் மட்டும் படித்தாலே போதும் என்பேன். செய்முறைக்கு, இங்கே பெங்களூரில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் வெளியிடும் ‘அட் ரைட் ஆங்கிள்ஸ்’ இதழில் பத்மப்ரியா ஷிராலி எழுதும் தொடக்கக் கணித இணைப்புகள் நல்ல துணை, இணையத்தில் இலவசம். என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய ‘மேத் மேஜிக்’ புத்தகங்கள் படங்களும் கதையுமாக அழகாக இருக்கும், ஆனால் ஆங்கிலம் மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு நாம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பயிற்சிகளும் குறைவு.

அவளாகக் கேட்டு எடுத்த புத்தகம் ஒன்றே ஒன்று: சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசனின் ‘நம்பர் ஃபன் வித் எ கேலண்டர்’. அரவிந்த் குப்தாவின் arvindguptatoys.com தளத்தில் கிடைக்கிறது. மாதக் காலண்டரில் மூன்றுக்கு மூன்று கட்டம் போடுங்கள். 9, 10, 11. கீழே 16, 17, 18. அதற்கும் கீழே 23, 24, 25. மொத்தம் 153, அது நடு எண்ணான 17-ஐப் போல ஒன்பது மடங்கு. எந்த மாதத்திலும் எங்கே போட்டாலும் அப்படித்தான் வரும். தமிழ்த் தேதியும் பொடி எழுத்தில் அச்சிட்ட காலண்டரில் எண்கள் குழம்பும், அதனால் வெறும் ஆங்கிலத் தேதி உள்ளதாகப் பார்த்து மாட்டினோம். சமையலறைச் சுவரில் அவள் போட்ட பென்சில் கட்டங்கள் இன்னும் இருக்கின்றன.

இப்போது ஐந்தாம் வகுப்பு. வாய்ப்பாட்டில் இன்னும் மெதுவாகத்தான் போகிறாள், தேர்வு நாளில் வயிற்றுவலியும் எப்போதாவது வருகிறது. போன மாதம் 3.2-இல் 1.47 வந்தது. குச்சிப் பெட்டியைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஒரு ஒற்றைக் குச்சியை எடுத்து, “இப்ப இதைத்தான் பத்தா உடைக்கணும், இல்லம்மா?” என்றாள்.