கையால் வரைந்த சார்க்கோல் ஓவியம் என்று விற்கப்படும் ஃபில்டர் அச்சு: பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

புகைப்படத்தை அனுப்பினால் பென்சிலிலோ சார்க்கோலிலோ கையால் வரைந்து தருகிறோம் என்று சொல்லி, மென்பொருளில் ஒரு ஃபில்டர் போட்டு, சொரசொரப்பான தாள் போலத் தெரியும்படி அச்சடித்து அனுப்புகிறார்கள். ஓவியத்துக்கான விலையைக் கொடுத்தவர் கைக்கு வருவது ஒரு பிரிண்ட். அப்படி ஏமாற்றப்பட்ட ஒருவருடைய படத்தை முழுதாகச் சோதித்துப் பார்த்ததில் தெரியவந்தவை இங்கே. விற்றவர் பெயர் வேண்டாம். இதே வேலையைப் பலர் செய்கிறார்கள், அடையாளங்களும் ஒன்றுதான்.

ஆர்டர் இதுதான்: கறுப்புக் கோட்டும் மூக்குக்கண்ணாடியும் அணிந்த ஒரு முதியவர், மார்பளவு, A3 தாளில் சார்க்கோல். கொடுத்த புகைப்படம் மெசேஜில் வந்தது, அகலம் 1200 பிக்சல். வந்த படத்தைச் சுவரில் மாட்டி ஆறடி தள்ளி நின்று பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. அசப்பில் அச்சு அசல் அவரேதான். சந்தேகம் வந்தது அவர் அணிந்திருக்கும் கோட்டைப் பார்த்துத்தான். கறுப்புக் கோட்டின் ஓரம் மட்டும் கறுப்பாக இருக்கிறது, உள்ளே வெறும் தாள்.

சார்க்கோல் பிடித்த கை இதைச் செய்யாது. சார்க்கோலை ஒருவர் தேர்ந்தெடுப்பதே அந்த அடர்கறுப்புக்காகத்தான். கோட்டு, தலைமுடி போன்ற இடங்களில் கரித்துண்டைப் படுக்கவைத்துத் தேய்த்து, பிறகு அழுத்தமான சார்க்கோலால் மடிப்புகளை இறக்குவார்கள். ஃபில்டர் ஏன் அங்கே வெறுமையை விடுகிறது என்று புரிந்துவிட்டால், இனி எந்தப் படத்திலும் அது கண்ணில் படும்.

இந்த வகை ஃபில்டர்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படை ஒன்றே. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதன் மங்கலான நகல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பிக்சலையும் அந்த நகலில் அதே இடத்தில் இருக்கும் மதிப்பால் வகுக்கிறார்கள். பைதான் மொழியில், OpenCV நூலகம் இருந்தால், மொத்தமும் நான்கைந்து வரிதான்:

```python
import cv2
g = cv2.imread("photo.jpg", cv2.IMREAD_GRAYSCALE)
b = cv2.GaussianBlur(g, (21, 21), 0)
s = cv2.divide(g, b, scale=256)
cv2.imwrite("sketch.png", s)
```

ஒரு பிக்சல் தன் அக்கம்பக்கத்தைவிட இருட்டாக இருந்தால் அங்கே கோடு விழும். அக்கம்பக்கம் அளவுக்கே இருட்டாக இருந்தால் வகுத்தல் ஒன்றுக்கு வரும், அதாவது வெள்ளை. முதியவரின் கோட்டுத் துணியின் நடுப்பகுதியில் எல்லாமே ஒரே கறுப்பு, ஆகவே வெள்ளை. இருட்டு எவ்வளவு என்பது இந்தக் கணக்குக்குத் தெரியாது, வித்தியாசம் மட்டும்தான் தெரியும். சிலர் இதை மறைக்க மூலப் படத்தின் சாம்பல் நிறத்தை மேலே கொஞ்சம் ஏற்றிவிடுவார்கள். அப்போது கோட்டு வெறுமையாக இருக்காது, ஆனால் தடமோ தேய்ப்போ இல்லாத ஒரே சீரான சாம்பலாகக் கிடக்கும்.

அடுத்தது கோடுகளின் அழுத்தம். மனிதக் கையில் கோடு ஓர் இடத்தில் ஊன்றித் தொடங்கி, நகர நகரத் தளர்ந்து, மெலிந்து விடுபடும். மூக்குத் துவாரம், மேல் இமை, உதடுகள் சேரும் இடம் இவற்றில் வரைபவர் அழுத்துவார். கன்னத்தில் விழுந்த மூக்கின் நிழலுடைய ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் விடுவார். முகத்தில் எது முக்கியம் என்று அவருக்குத் தெரியும். இந்தப் படத்திலோ மூக்குத் துவாரமும் நிழலின் ஓரமும் ஒரே கனம். கண்ணாடியில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்ட வெள்ளைத் திட்டைச் சுற்றிக்கூட, அது ஏதோ முக அங்கம் என்பதுபோல் சுத்தமாக ஒரு கோடு. வரைபவர் அந்தத் திட்டை விட்டிருப்பார், அல்லது இளக்கியிருப்பார்.

வரைந்த கோடு ஒவ்வொன்றும் குறுக்குவாட்டில் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் இன்னும் உறுதியாகும். கோட்டுக் காலரின் விளிம்பை லென்ஸில் பார்த்தோம். வெளிப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மை, உள்பக்கம் இரண்டு மில்லிமீட்டருக்குள் கரைந்து மறைகிறது. காது, தாடை, கண்ணாடிச் சட்டம், எங்கே பார்த்தாலும் இதே கதை. கூர்மையான பக்கம் எப்போதும் வெளிச்சத்தைப் பார்த்தே நிற்கும், கரையும் பக்கம் எப்போதும் இருட்டுக்குள். கரையும் அகலத்தை முடிவு செய்வது மங்கலாக்கும் அளவு. படம் முழுக்க அது ஒன்றே என்பதால் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. கையால் வரைந்த ஒரு முகத்தில் எல்லாக் கோடும் இப்படி அமைய வாய்ப்பே இல்லை.

கன்னத்தில் இன்னொரு தடயம் கிடைத்தது. சாய்வாகப் பார்த்தால் மிக லேசான சதுரங்கள், பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர். JPEG படங்கள் 8 பிக்சல் சதுரங்களாகச் சுருக்கப்படுகின்றன. 1200 பிக்சலை A3-இன் 297 மில்லிமீட்டர் அகலத்துக்கு விரித்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 4 பிக்சல், ஆக 8 பிக்சல் என்பது இரண்டு மில்லிமீட்டர். வழவழப்பான கன்னத்தில் வேறு வித்தியாசம் எதுவும் இல்லாததால், அந்தச் சதுரங்களின் ஓரங்களையே ஃபில்டர் கோடாக எடுத்துக்கொண்டது. சார்க்கோலில் இது வரவே வராது.

ஷேடிங்கில் பார்க்க வேண்டியது திசை. வரைபவரின் கோடுகள் உருவத்தைச் சுற்றி வளையும்: நெற்றியில் ஒரு வளைவு, கன்ன எலும்பின் கீழ் வேறு வளைவு, கழுத்தில் உருளையைச் சுற்றி. ஃபில்டரில் கூடுதலாக ஏற்றும் ஷேடிங் கோடுகள் நெற்றி, மூக்கு, சட்டை, பின்னணி என்று எதையும் பாராமல் ஒரே சாய்வில் குறுக்கே ஓடும். இந்தப் படத்தில் 45 பாகை. கழுத்தில் தொடங்கிய கோடு காலரைத் தாண்டிப் பின்னணிக்குள் அப்படியே போகிறது.

தாளின் சொரசொரப்புதான் அவர்கள் அதிகம் நம்பியிருக்கும் இடம். நம்மை ஏமாற்றுவதும் அதுவே. உண்மையில் நடப்பது இது: சார்க்கோல் தாளில் மேடும் பள்ளமும் இருக்கும். லேசாக இழுத்தால் கரி மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அழுத்தினால் பள்ளமும் நிரம்பிப் புள்ளிகள் மறையும். விரலால் தேய்த்தால் தூள் பள்ளத்துக்குள் இறங்கிப் புகைபோல் ஆகும். ஆகவே சொரசொரப்பு இடத்துக்கு இடம் மாறித் தெரிய வேண்டும்: நடுத்தரச் சாம்பலில் அதிகமாக, அடர்கறுப்பில் ஏறக்குறைய இல்லாமல். கரியே படாத இடத்தில் பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் ஒழிய அது கண்ணுக்கே தெரியாது. வந்த படத்தில் கண்மணியின் கறுப்பிலும் கன்னத்திலும் வெற்று ஓரத்திலும் ஒரே அளவுக்குப் புள்ளி. அதுமட்டுமல்ல, மேல் இடது மூலையில் இருந்த கொக்கிபோன்ற ஒரு புள்ளி, ஒரே இடைவெளியில் மறுபடி மறுபடி வருகிறது. சிறிய ஒரு தாள் படத்தை ஓடு பதிப்பதுபோல் அடுக்கியிருக்கிறார்கள். விரலால் தடவினால் அட்டை வழவழ என்றிருக்கிறது, கையில் எதுவும் ஒட்டவில்லை. கண்ணுக்குத் தெரியும் சொரசொரப்பு விரலுக்குத் தெரியவில்லை என்றால் அது அச்சு.

இதைச் சொன்னதும் விற்றவர் தந்த பதில், "கலையாமல் இருக்க ஃபிக்ஸேட்டிவ் அடித்திருக்கிறோம், அதனால்தான் கையில் ஒட்டவில்லை." இந்தப் பதிலில் பாதி சரி. ஃபிக்ஸேட்டிவ் நன்றாக அடித்த சார்க்கோலைப் பஞ்சால் தேய்த்துப் பார்த்தாலும் அதிகம் ஒட்டாது. எனவே தேய்த்துப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பி யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் ஃபிக்ஸேட்டிவ் சீரான அச்சுப்புள்ளிகளை உண்டாக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் சார்க்கோல் ஒழுங்கற்ற துகள்களாகத் தாளின் மேடுகளில் தொற்றியிருக்கும். இங்க்ஜெட் அச்சில் சாம்பல் பகுதிக்குள்ளேயே நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். கறுப்பு மை மட்டும் போட்டு அச்சடித்திருந்தால் வண்ணம் தெரியாது, ஆனாலும் புள்ளிகள் தெரியும். லென்ஸ் இல்லாதவர்கள் மொபைலின் மேக்ரோ கேமராவில் பார்க்கலாம். இந்தப் படத்தில் வண்ணப் புள்ளிகள் தெளிவாகவே இருந்தன.

பென்சில் ஓவியம் என்று சொல்லி வந்திருந்தால் வேலை இன்னும் சுலபம். அறையை இருட்டாக்கி, தாளுக்குக் கிடைமட்டமாக டார்ச் அடியுங்கள். 4B, 6B பென்சிலால் அழுத்திய இடங்கள் உலோகம்போல் மினுங்கும், அழுத்திய கோடுகள் தாளில் பள்ளமாகத் தெரியும். அச்சில் அந்தப் பள்ளம் இருக்காது.

கொஞ்சம் கெட்டிக்காரர்கள் வெளிறிய அச்சு எடுத்து அதன்மேல் பென்சிலை ஓட்டுகிறார்கள். அப்போது மினுக்கமும் பள்ளமும் இருக்கும், பஞ்சிலும் ஒட்டும். இவர்களைப் பிடிக்க, பென்சில் ஓடாத வெளிறிய இடங்களை லென்ஸில் பாருங்கள்: நெற்றி மேடு, கண்ணாடித் திட்டு, முடியின் நுனி. புள்ளிகள் அங்கே இருக்கும். பிசைந்து பயன்படுத்தும் அழிப்பானை ஓர் ஓரத்தில் ஒற்றியெடுத்தாலும் பென்சில் வெளிறும், அடியில் உள்ள அச்சு அசையாது.

புகைப்படத்தோடு கோட்டுக்குக் கோடு பொருந்துகிறது என்பதை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். கட்டம் போட்டோ வெளிச்சப்பெட்டியில் வைத்தோ அளவெடுத்து வரைபவர்கள் உண்டு, அது நேர்மையான வேலைதான். ஃபில்டர் அச்சும் தன்னளவில் குற்றமில்லை, அச்சு என்று சொல்லி அச்சுக்குரிய விலைக்கு விற்றால்.

"வரைந்துகொண்டிருக்கிறோம்" என்று நடுவில் அனுப்பும் படங்களும் போலியாக இருக்கலாம். இந்த ஆர்டரில் மூன்று வந்தன. முதல் படத்தில் கண்கள் மட்டும், முழுதும் முடிந்த நிலையில். அடுத்ததில் மூக்கும் வாயும். சுற்றிலும் தாள் பளிச்சென்று சுத்தம், அளவுக்கோடு ஒன்றுகூட இல்லை. கண்ணிலிருந்து தொடங்கி முடித்துக்கொண்டே போகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் தாளில்கூட ஓர் அளவுக்கோடோ கரி படிந்த விரல்தடமோ இருக்கும். மூன்று படங்களிலும் கண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு துகள்கூட மாறவில்லை, வெளிச்சமும் மாறவில்லை. முடிந்த படத்தின் மேல் வெள்ளையைப் பூசி, கொஞ்சம் கொஞ்சமாக விலக்கியிருக்கிறார்கள்.

ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே, அடியில் எந்த அச்சும் இல்லாமல் கையால் வரைந்தது என்றும், எந்தத் தாள், எந்தப் பொருள் என்றும் எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். பாதி வேலையில் ஒரு சிறு வீடியோ கேளுங்கள்: கேமரா தாளின் பக்கவாட்டிலிருந்து நகர வேண்டும், அதே எடுப்பில் ஓர் இடத்தை அழிப்பானால் ஒற்றிக் காட்ட வேண்டும். உண்மையில் வரைகிறவருக்கு அரை நிமிட வேலை.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், மேலே உள்ள வரிகளில் உங்கள் புகைப்படத்தையே ஓடவிடுங்கள். மங்கலாக்கும் அளவான 21-ஐ இரண்டு இடத்திலும் 11, 31, 51 என்று மாற்றிப் பாருங்கள், ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் வந்த படத்தின் ஓரக் கோடுகள் கண்ணாடித் திட்டு உட்பட அப்படியே விழும். இந்த ஆர்டரில் 21-க்கே விழுந்தது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்த படம், லென்ஸில் எடுத்த வண்ணப் புள்ளிகள், ஆர்டரில் "கையால் வரைந்தது" என்று எழுதியிருந்த வரி, இந்த மூன்றையும் அனுப்பிய பிறகு விற்றவர் ஃபிக்ஸேட்டிவ் பேச்சை எடுக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.