ஆறு வருஷம் என்றார்கள், ஒன்பதைத் தாண்டப் போகிறது: மாற்று முதலீட்டு நிதியோடு என் அனுபவம்

போன மாதம் நம் சுங்கை சிப்புட் பல் டாக்டர் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, நீங்க இந்தியாவுல ஒரு கோடி போட்டீங்களே, அது என்ன ஆச்சு? என்கிட்டயும் ஒருத்தர் இங்க உள்ள ஃபண்ட் ஒண்ணு கொண்டு வந்திருக்காரு, அஞ்சு வருஷம் எடுக்க முடியாதாம்." தே தாரிக் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதியே கொடுக்கிறேன் என்றேன். அவருக்கு எழுதியதுதான் இது, கொஞ்சம் விரித்து.

ஏஐஎஃப் என்றால் என்ன, செபியின் 2012 விதிமுறைகளில் எத்தனை வகை என்பதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். என்னுடையது இரண்டாம் வகை, பங்குச் சந்தையில் பட்டியலிடாத கம்பெனிகளில் பணம் போடுகிற நிதி, மொத்தம் 400 கோடி ரூபாய். அப்பா வழியில் தமிழ்நாட்டில் வந்த நிலத்தை அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றோம், என் பங்கு ரூபாயாகவே அங்குள்ள வங்கிக் கணக்கில் கிடந்தது. செம்பனைக் குலை ஏற்றுகிற என் லோரிகளுக்கு அந்தப் பணம் தேவைப்படவில்லை. குறைந்தபட்சம் ஒரு கோடி என்பது செபியின் விதி, அதனால் சரியாக ஒரு கோடிக்குக் கையெழுத்துப் போட்டேன். அது 2018 செப்டம்பர்.

என்னை இன்றுவரை உறுத்துகிற விஷயம் ஒன்றுதான்: "ஆறு வருஷம்" என்ற சொல். விற்க வந்தவர் ஆறு வருஷம் என்றார், முன் அட்டையிலும் ஆறு வருஷம் என்றுதான் இருந்தது. நானும் 2018-உடன் ஆறைக் கூட்டி, 2024-இல் மகள் படிப்புக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒப்பந்தத்தின் உள்ளே ஒரு வரி இருக்கிறது: காலம் ஃபைனல் குளோஸ் அன்று தொடங்கும். அதாவது, கடைசி முதலீட்டாளரையும் சேர்த்துக்கொண்டு கதவை மூடுகிற நாள். என்னைப் போல முதலில் வந்தவர்கள் பணம் கட்டி உட்கார்ந்திருக்க, அவர்கள் இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கதவை மூடியது 2019 டிசம்பர். ஆக ஆறு வருஷம் முடிவது 2025 டிசம்பரில், என் கணக்குக்கு ஏழு வருஷமும் மூன்று மாதமும். மகள் படிப்புக்கு வேறு இடத்தில் கடன் வாங்கினேன். அந்தக் கடனுக்கு வட்டி கட்டும் ஒவ்வொரு மாதமும் அந்த ஒரு வரிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அத்தோடு முடியவில்லை. 2025 அக்டோபரில் கடிதம் வந்தது, இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கச் சம்மதம் கேட்டு. மதிப்பின்படி மூன்றில் இரண்டு பங்கு முதலீட்டாளர்கள் ஒத்துக்கொண்டால் இரண்டு வருஷம் வரை நீட்டலாம் என்பது விதி. 400 கோடியில் என் ஒரு கோடி கால் சதவீதம். நான் கோபப்பட்டு வேண்டாம் என்று எழுதினாலும் பெரிய கைகள் சரி என்றால் சரிதான். உண்மையைச் சொன்னால் நானும் சம்மதம் என்றுதான் கையெழுத்துப் போட்டேன். நீட்டாவிட்டால் மிச்சமிருக்கிற கம்பெனிப் பங்குகளை அவசரத்தில் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டும், வாங்க வருகிறவனுக்கு நம் அவசரம் தெரியும். இப்போது முடிவு 2027 டிசம்பர். ஆறு என்று ஆரம்பித்தது ஒன்பதே கால் வருஷம்.

2022 நவம்பரில் செபி இதைத் திருத்திவிட்டது, இப்போது காலத்தை ஃபர்ஸ்ட் குளோஸ் நாளிலிருந்து எண்ண வேண்டும். எனக்கு அது உதவவில்லை, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு உதவும். இருந்தாலும் நீட்டிப்பையும் சேர்த்தே மனதில் எண்ணிக்கொள்ளுங்கள், அட்டையில் உள்ள எண்ணை நம்பி எந்தத் தேதியையும் குறிக்காதீர்கள்.

அப்புறம் பணம் எப்படிப் போனது, எப்படி வந்தது என்பதைக் காட்டுகிறேன். ஒரு கோடியையும் ஒரே நாளில் வாங்குவதில்லை. நாம் வாக்குக் கொடுப்பது ஒரு கோடி, அவர்கள் கேட்கக் கேட்கக் கட்ட வேண்டும், இதற்கு டிராடவுன் என்று பெயர். 2018-இல் 30 லட்சம், 2019-இல் 30, 2020-இல் 25, 2021-இல் 15. கடிதம் வந்து பத்து நாளில் பணம் போய்ச் சேர வேண்டும், தவறினால் அபராத வட்டி. அதனால் மிச்சப் பணத்தை எங்கும் முடக்க முடியாமல் குட்டி குட்டி வைப்புத்தொகையாகப் பிரித்து வைத்திருந்தேன்.

நிர்வாகக் கட்டணம் இரண்டு சதவீதம், 18 சதவீத ஜிஎஸ்டி தனி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் நான்கு வருஷமும் அதை எடுப்பது நாம் கட்டிய தொகைக்கு இல்லை, வாக்குக் கொடுத்த முழு ஒரு கோடிக்கு. வருஷத்துக்கு 2 லட்சத்து 36 ஆயிரம். முதல் வருஷம் நான் கட்டியிருந்தது 30 லட்சம்தான், அதில் 2.36 லட்சம் என்றால் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் வேலை தொடங்கும் முன்பே கழிந்துவிட்டது. ஒப்பந்தத்தில் இருக்கிறது, மறைக்கவில்லை. நான் பெருக்கிப் பார்க்கவில்லை.

வந்தது: 2022-இல் 20 லட்சம், 2023-இல் 32 லட்சம், 2024-இல் ஒன்றுமில்லை, 2025-இல் 28 லட்சம். மொத்தம் 80. என் பெயரில் மிச்சம் இருப்பதாக அறிக்கை சொல்லும் மதிப்பு 82 லட்சம். கூட்டினால் 162 லட்சம். ஒரு கோடிக்கு ஒன்றே அறுபத்திரண்டு மடங்கு, கேட்க நன்றாக இருக்கும். அறிக்கையின் முதல் பக்கத்தில் வருஷத்துக்கு 16 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள், அது கட்டணம் கழிப்பதற்கு முந்தைய கணக்கு. நான் ஒரு தாளில் தேதியை ஒரு வரிசையிலும் தொகையை அடுத்த வரிசையிலும் போட்டேன், கட்டியதற்கு முன்னால் கழித்தல் குறி, கடைசி வரியில் அந்த 82 லட்சம்:

```
=XIRR(B2:B9,A2:A9)
```

10 சதவீதம் சொச்சம் வந்தது. பிறகு அந்த 82-ஐ மட்டும் அழித்துப் பாதியாக 41 என்று போட்டுப் பார்த்தேன். 4 சதவீதமாக இறங்கியது. மற்ற எந்த எண்ணையும் தொடவில்லை. அன்று இரவு வெகுநேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வருஷ உழைப்பு நல்லதா கெட்டதா என்பதை இன்னும் யாரும் விலை கொடுக்காத ஒரு எண் முடிவு செய்கிறது. அந்த 82-இல் பெரும்பகுதி ஒரே ஒரு உணவுப்பொருள் கம்பெனி, அதன் மதிப்பு போன வருஷம் இன்னொருவர் சிறு பங்கு வாங்கிய விலையை வைத்துப் போட்டது. தனி மதிப்பீட்டாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார் என்பது உண்மைதான், ஆனால் அவர் வாங்குகிறவர் இல்லையே.

அதனால் இப்போது நான் முதலில் பார்ப்பது டிபிஐ என்கிற எண்ணை. கட்டிய பணத்தில் எவ்வளவு ரொக்கமாகத் திரும்பி வந்தது, அவ்வளவுதான். என்னுடையது 0.80. ஒரு நிர்வாகி புது நிதி கொண்டு வந்தால் அவருடைய பழைய நிதியின் டிபிஐ கேட்க வேண்டும், அது எத்தனையாவது வருஷத்தில் என்பதையும் சேர்த்து. மூன்றாவது வருஷத்தில் 0.1 இருந்தால் தப்பில்லை. எட்டாவது வருஷத்திலும் 0.3 என்றால் மிச்சமெல்லாம் தாளில் இருக்கிறது என்று அர்த்தம்.

நியாயமாகப் பேசினால், என் நிதி நிர்வாகிகள் யோக்கியமானவர்கள். நஷ்டமான இரண்டு கம்பெனிகளைப் பூசி மெழுகாமல் பூஜ்யம் என்று எழுதினார்கள், எந்த முடிவு தப்பாகப் போனது என்று ஒரு பக்கம் விளக்கமும் கொடுத்தார்கள். நிர்வாகி தரப்பு சொந்தப் பணமாகப் போட வேண்டியது நிதியில் 2.5 சதவீதம் அல்லது 5 கோடி, எது குறைவோ அது. இவர்கள் 5 கோடியோடு நிறுத்தியிருக்கலாம், 20 கோடி போட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன், இப்போதும் அந்த மரியாதை குறையவில்லை. ஊரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் இரண்டு நாளில் பதில் வரும். ரூபாய் இறங்கியதற்கும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் போட்டபோது ஒரு வெள்ளிக்கு 17 ரூபாய் சொச்சம், 2025 செப்டம்பரில் 21-ஐ ஒட்டி வந்துவிட்டது, அதனால் இங்கே கொண்டு வந்தால் லாபத்தில் ஒரு பகுதி வழியிலேயே கரைகிறது.

இனி தம்பி கேட்டதற்கு வருகிறேன். அவரிடம் கொண்டு வந்தது மலேசியாவின் ஹோல்சேல் ஃபண்ட். அதில் சேர ஒரு வழி மூன்று மில்லியன் வெள்ளிக்கு மேல் நிகரச் சொத்து. முகவர் அவருடைய வீட்டை முழு மதிப்புக்குச் சேர்த்து "நீங்க தகுதி டாக்டர்" என்று சொல்லியிருக்கிறார். 2024 முதல் குடியிருக்கும் வீட்டில் ஒரு மில்லியன் வரைக்கும்தான் கணக்கில் எடுக்கலாம். கடனையும் கழித்துப் பார்த்தால் தம்பி அந்த வழியில் வரவே மாட்டார். வருஷ வருமானம் மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் என்ற வழியில் வரலாம், அது வேறு. ஆனால் முதல் கணக்கையே இப்படிப் போடுகிறவர் மற்றதை எப்படிச் சொல்வார் என்று எனக்குக் கவலை. செக்யூரிட்டிஸ் கமிஷனில் தாக்கல் செய்தது என்பதை "அங்கீகாரம் கிடைத்தது" என்றும் சொல்லியிருக்கிறார். தாக்கல் என்றால் தாக்கல்தான், ஆணையம் அந்த நிதியைச் சோதித்து நல்லது என்று சொன்னதாக ஆகாது.

இந்த ஊரில் பணம் சேர்த்துப் போடுவது புதிதில்லை. துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தோட்டத்து ஜனங்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார்கள், எங்கள் அப்பாவும் கட்டினார். வாங்கிய தோட்டத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது, அதனால் அவர் காத்திருந்தார். நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்பதை வருஷத்துக்கு இரண்டு அறிக்கையில்தான் பார்க்கிறேன்.

எனக்கு நஷ்டம் இல்லை. ஆட்களும் நல்லவர்கள். இருந்தும் இன்னொரு முறை கையெழுத்துப் போட மாட்டேன். தேவைப்படுகிற நாளில் கை வைக்க முடியாத பணம் என் வயதுக்கு இனி சரிப்படாது.

தம்பிக்கு மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன்: காலம் எந்தத் தேதியில் தொடங்குகிறது, கட்டணம் எந்தத் தொகைக்கு, பழைய நிதியில் ரொக்கமாகத் திரும்பியது எவ்வளவு. முகவர் முதல் இரண்டுக்கும் அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டாராம். மூன்றாவதற்கு ஒரு வண்ணப் படம் அனுப்பியிருக்கிறார், மேலே ஏறிப் போகிற கோடு ஒன்று, கீழே சின்ன எழுத்தில் "மதிப்பிடப்பட்டது" என்று. தம்பி அதை எனக்குத் திருப்பி அனுப்பி, "அண்ணே, இதுல ரொக்கம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.