அப்பர் மனம் மாறிய கதை: மூன்று வாசிப்புகள், ஒரே சான்று

கடலூர் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். பின்னாளில் அப்பர் எனப்பட்ட, திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் கடலூர்ப் பக்கத்துப் பாடலிபுத்திரத்துச் சமண மடத்தில் சேர்ந்து தருமசேனர் ஆகிறார். சூலைநோய் வருகிறது. சமணரின் மந்திர நீரும் மயிற்பீலியும் பலிக்கவில்லை. தமக்கை திலகவதியார் இருக்கும் திருவதிகைக்கு வந்து, அவர் கையால் திருநீறு பெற்று, ‘கூற்றாயினவாறு’ பாடுகிறார், நோய் தீர்கிறது. பிறகு பல்லவ மன்னன் அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் போடச் செய்கிறான். கல் மிதந்து கடலூரிலுள்ள திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் சேர்க்கிறது. மன்னனும் சைவனாகிறான்.

இப்படிப்பட்ட மதமாற்றக் கதைகளை ஆய்வாளர்கள் மூன்று விதமாக வாசிக்கிறார்கள். முதலாவது, நடந்ததற்கான சான்றாக வாசிப்பது. இரண்டாவது, ஒரு வகைமையின் அச்சில் வார்த்த கதையாக வாசிப்பது. மூன்றாவது, சொல்பவர் தன் இன்றைய நிலையிலிருந்து தன் பழைய வாழ்க்கையைத் திரும்ப அடுக்குவதாக வாசிப்பது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட எதை எந்த நூலுக்குப் பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி. அதற்கு முன் நூல்களைக் கால வரிசையில் பிரித்து வைக்க வேண்டும்; பெரும்பாலான பிழைகள் இதைச் செய்யாததால் வருகின்றன.

அப்பரின் பதிகங்கள் 7-ஆம் நூற்றாண்டு. அடுத்து சுந்தரரின் திருத்தொண்டத்தொகை. அதில் அவருக்கு உள்ள வரி ‘திருநின்ற செம்மையே செம்மையாக் கொண்ட’ என்று புகழ்வதோடு சரி. சமணமும் இல்லை, சூலையும் இல்லை. பிறகு நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் கல் மிதந்தது வருகிறது. தமக்கை, நோய், மடம், மன்னன் எல்லாம் கோவையாகக் கிடைப்பது சேக்கிழாரின் 12-ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில். பாடியவருக்கும் முழுக் கதைக்கும் இடையே ஏறத்தாழ 500 ஆண்டுகள். ‘கூற்றாயினவாறு’தான் முதல் பதிகம் என்ற செய்தியும் கதை மரபு தருவதே. பதிகங்கள் பண்முறையாகவும் தலமுறையாகவும் அடுக்கப்பட்டவை. பாடிய கால வரிசை நமக்குக் கிடைக்கவில்லை.

முதல் வாசிப்புக்கு இங்கே நல்ல பிடிமானம் உண்டு. லோகவிபாகம் என்ற சமண நூல் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், பாடலிகா என்ற ஊரில் எழுதப்பட்டதாகவும், அது காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு என்றும் அதன் வடமொழி வடிவம் சொல்கிறது. அந்த ஊரைத் திருப்பாதிரிப்புலியூராகவே பலரும் கொள்கிறார்கள். திருச்சி மலைக்கோட்டைக் குடைவரைக் கல்வெட்டு, குணபரன் என்ற பல்லவ மன்னன் மாற்று நெறியிலிருந்து திரும்பி லிங்கத்தை வழிபட்டதைக் குறிப்பதாகப் படிக்கப்படுகிறது. ஆனால் இவை நிறுவுவது, இங்கே சமண மையம் ஒன்று இருந்திருக்கலாம், மன்னன் சமயம் மாறியிருக்கலாம் என்ற அளவே. அப்பர்தான் மாற்றினார் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. இந்த வாசிப்பில் அடிக்கடி நேரும் பிழை, அற்புதங்களை மட்டும் கழித்துவிட்டு மீதியை வரலாறு என்று வைத்துக்கொள்வது. நம்பத்தக்கதாக இருப்பது மட்டும் சான்றாகிவிடாது.

இரண்டாவது வாசிப்பு இந்தப் பிழையைச் சட்டென்று காட்டிவிடும். சம்பந்தர் பாண்டியனை மாற்றிய கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே தமக்கைக்குப் பதில் அரசி மங்கையர்க்கரசியார், சூலைக்குப் பதில் வெப்பு நோய். பீலியும் மந்திரமும் தோற்கின்றன, திருநீறு வெல்கிறது, பிறகு சோதனைகள். வீட்டுப் பெண்ணின் வேண்டுதல், உடல்நோய், எதிர்ச்சமய மருத்துவத்தின் தோல்வி என்ற வரிசை மாறவே இல்லை. ஆக, பீலி பலிக்காத செய்தியைத் தருமசேனரின் நோய்க் குறிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இந்த வாசிப்பும் ஓரிடத்தில் முட்டிக்கொள்கிறது. கல்லையும் அச்சின் ஓர் உறுப்பு என்று தள்ளப் போனால், திருநீலக்குடிப் பதிகம் தடுக்கிறது: ‘கல்லினோடு எனைப் பூட்டி அமண்கையர் ஒல்லை நீர் புக நூக்க’ என்று அப்பரே தன்மையில் பாடுகிறார். அங்கே தள்ளியவர் அமணர் எனப்படும் சமணர், மன்னன் இல்லை. நீர் உண்டு, எந்தக் கரை என்ற பேச்சு இல்லை. ‘கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்’ என்ற நமச்சிவாயப் பதிக வரியில் கடல் வருகிறது, ஆனால் அது ‘பாய்ச்சினாலும்’ என்ற நிபந்தனை. நிபந்தனை வரியும் நிகழ்ச்சி வரியும் பிற்காலத்தில் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன என்று கருத இடமிருக்கிறது. இப்படி வரிவரியாகப் பிரிக்காமல் ‘எல்லாம் மரபு’ என்று முடித்துவிடுவது சோம்பல்.

எனக்கு மிகவும் பயன் தருவதாகத் தோன்றுவது மூன்றாவது வாசிப்பு. 1986-இல் ஆய்வாளர் பவுலா ஃப்ரெட்ரிக்சன் கிறித்தவ மரபின் பவுலையும் அகஸ்தீனையும் இப்படி வாசித்துக் காட்டினார். அகஸ்தீன் மனம் மாறியது 386-இல். மனம் மாறிய தருணமாக, தோட்டத்தில் அழுத காட்சியை அவர் எழுதியது 397-ஐ ஒட்டி, ஆயரான பிறகு. மாறிய கையோடு எழுதிய உரையாடல் நூல்களில் அந்தக் காட்சி இல்லை. கதை, அது நடந்த நாளைவிட எழுதப்பட்ட நாளைப் பற்றித்தான் நமக்கு நம்பகமாகச் சொல்கிறது என்பது இந்த வாசிப்பின் மையம்.

இதை வைத்து ‘கூற்றாயினவாறு’ என்று தொடங்கும் திருவதிகைப் பதிகத்தைத் திறந்தால் வியப்பாக இருக்கிறது. அதில் சமணர் என்ற சொல்லே இல்லை. ‘முன்னம் அடியேன் அறியாமையினான்... பின்னை அடியேன் உமக்காளும் பட்டேன்’ என்று ஒரு பாட்டு வாழ்க்கையை இரண்டாக வெட்டுகிறது. இரண்டு பாட்டு தள்ளி, ‘சலம் பூவொடு தூபம் மறந்தறியேன், தமிழோடிசை பாடல் மறந்தறியேன்’ என்கிறார். நேற்றுவரை சமண மடத்தில் இருந்தவர் சொல்லக்கூடியதா இது? ‘வலித்தேன் மனைவாழ்க்கை மகிழ்ந்து’ என்பதும் துறவியான தருமசேனருக்குப் பொருந்தவில்லை. திருப்பாதிரிப்புலியூர்ப் பதிகத்திலும் இதே இரட்டைத்தன்மை: ‘கருவாய்க் கிடந்து உன் கழலே நினையும் கருத்துடையேன்’ என்ற அதே வாய், ‘திருந்தா அமணர்தம் தீநெறிப்பட்டுத் திகைத்து’ என்றும் பாடுகிறது.

இதை முரண்பாடு என்று திருத்த முயல்வதுதான் பிழை. பாடுபவர் இப்போது அடியார். அடியாரின் கண்ணால் பார்க்கும்போது வழி தவறியதும் உண்மை, ஒரு நாளும் விலகாததும் உண்மை. முறிவு, தொடர்ச்சி என்ற இரண்டும் அவருக்குத் தேவைப்படுகின்றன. சேக்கிழாருக்கு முறிவு மட்டுமே போதும். கதை நகர அதுதான் வேண்டும். இந்த வேறுபாடு கண்ணில் படாவிட்டால், புராணத்தைப் பதிகத்துக்கு உரையாக்கி, பதிகம் சொல்லாததையெல்லாம் அதன் வாயில் போட்டுவிடுவோம். மூன்றாவது வாசிப்புக்கும் எல்லை உண்டு. அகஸ்தீனுக்கு ஆண்டுகள் தெரியும், அப்பருக்குத் தெரியாது. ஆகவே ‘இந்த வயதில் இப்படி நினைத்தார்’ என்று வளர்ச்சிக் கோடு வரைய முடியாது.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது: பதிகத்தை மூன்றாவது வாசிப்பால் தொடங்குங்கள், தன்மை வரிகளையும் நிபந்தனை வரிகளையும் தனித்தனியே குறித்துக்கொண்டு. பெரியபுராணத்துக்கு இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். முதலாவதைக் கடைசியாக, வெளிச் சான்று உள்ள இடத்தில் மட்டும் எடுங்கள். அப்பர் கரையேறிய இடமாகச் சொல்லப்படும் கடலூரின் கரையேறவிட்ட குப்பம் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பெயரும் அங்கே நடக்கும் விழாவும் 7-ஆம் நூற்றாண்டுக்குச் சான்றாகாது, கதையை இந்த ஊர் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டதற்குச் சான்று.