ஒட்டுத்தாள் பலகையைப் பிரிப்பது: தலைப்பு முதலிலா, தாள் முதலிலா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வந்த கேள்வி: "மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் ஏன் தங்குவதில்லை?" ஆளுக்கு இரண்டு மூன்று ஒட்டுத்தாள் எழுதி வெண்பலகையில் ஒட்டினார்கள். செயலாளர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். இனி அந்தப் படத்தைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் சின்னத் தலைப்பு போட்டு, தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றுதான். படத்தில் ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்டு, எழுதியிருப்பதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். திருத்தக்கூடாது, பசி என்பது 'லாப்பார்' என்று மலாயில் இருந்தால் 'லாப்பார்' என்றே இருக்கட்டும். ஒரே தாளில் இரண்டு விஷயம் இருந்தால் 17அ, 17ஆ எனப் பிரித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும், பென்சில் எழுத்து மங்கிப்போகும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். பலகை முழுதும் ஒரு படம், அப்புறம் கால் கால் பகுதியாக நெருக்கத்தில் நான்கு படம் இருந்தால் போதும்.

முதல் வழி, பலகையில் ஒட்டியிருந்த இடத்தையே கூறாக எடுத்துக்கொள்வது. இது வேகமானது. ஆனால் கூட்டத்திலேயே யாராவது தாள்களை நகர்த்தி, மார்க்கரால் வட்டம் போட்டிருந்தால்தான் அந்த இடத்துக்கு அர்த்தம் உண்டு. வரிசை வரிசையாக இடைவெளியில்லாமல் இருந்தால், அது எழுந்து வந்த வரிசை மட்டுமே. தாளின் நிறமும் அப்படித்தான், கைக்குக் கிடைத்த கட்டு எதுவோ அது.

இரண்டாவது வழியைத்தான் பெரும்பாலோர் செய்வார்கள்: போக்குவரத்து, உணவு, பாடம், குடும்பம் என்று பெட்டிகளை முதலில் வைத்துவிட்டுத் தாள்களை உள்ளே போடுவது. மூன்றாவது வழியில் தாள்களை முதலில் சேர்த்துவிட்டு, தலைப்பைக் கடைசியில் எழுதுகிறோம். ஜப்பானிய மானுடவியலாளர் கவாகிதா ஜிரோ தம் கள ஆய்வுக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த உருவாக்கிய முறை இது. அவர் பெயரின் முதலெழுத்துகளால் இன்றும் கேஜே முறை என்பார்கள்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான்கு தாள்களில் பார்க்கலாம்.

4: "வேன் 1 மணிக்கே கிளம்பிடும்"
11: "அக்காதான் தம்பியைக் கூட்டிட்டு வரணும்"
19: "ஃபாக்டரி ஷிப்ட், சின்னவனை யார் பாப்பா"
26: "ஒண்ணாம் வகுப்புக்கு மாலை வகுப்பு இல்லையே"

பெட்டி முறையில் 4 போக்குவரத்துக்கும், 11, 19 இரண்டும் குடும்பத்துக்கும், 26 பாடத்துக்கும் போய்விடும். தீர்வாக இன்னொரு வேன் கேட்போம். கேஜே முறையில் இந்த நான்கையும் அருகருகே வைத்து "இவை ஒன்றாக என்ன சொல்கின்றன?" என்று கேட்டால், வருகிற தலைப்பு வேறு: "சின்னவன் வீட்டுக்குப் போனால் பெரியவளும் போக வேண்டியிருக்கிறது". இதற்குச் சின்னப் பிள்ளைகளை நூலகத்தில் உட்கார வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரலாம். புது வேனுக்குப் பணம் தேடுவதைவிட இது மலிவு!

செய்முறையில் அவசரப்படக்கூடாது. முதலில் இரண்டு மூன்று தாள்களாக மட்டும் சேர்த்து ஒரு வரி எழுதுங்கள். அப்புறம் அந்தச் சின்னக் கூறுகளைச் சேர்த்துப் பெரிய கூறாக்குங்கள். நாற்பது தாள் பலகைக்கு ஐந்திலிருந்து எட்டுக் கூறு வரும். ஒரே கூறில் மூன்றில் ஒரு பங்கு தாள் குவிந்தால், அது பெட்டியாக மாறிவிட்டது என்று பொருள், உடைத்துப் பாருங்கள். எதிலும் ஒட்டாத தாளை 'மற்றவை'யில் தள்ளாமல் தனியாகவே விடுங்கள். "தோட்டத்து ரோட்டுல விளக்கு இல்ல, பாட்டி பயப்படுறாங்க" என்று ஒரே ஒருவர்தான் எழுதியிருந்தார். இருட்டும் நேரம் வரை வகுப்பை நீட்டினால் அதுதான் முதல் கேள்வியாக வரும்.

தலைப்பு சரியா என்று பார்க்க ஓர் எளிய சோதனை. கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் தலைப்புகளையும் கலைத்த தாள்கள் ஏழெட்டையும் கொடுங்கள். அவர் வைக்கும் இடமும் உங்கள் இடமும் அடிக்கடி வேறுபட்டால், குறை தலைப்பில்தான். 'உணவு' என்ற சொல்லுக்கும் "மதியம் கேண்டீன் மூடியதும் சாப்பிட ஒன்றுமில்லை" என்ற வரிக்கும் உள்ள தூரம் அப்போது தெரியும்.

பெட்டி முறை வீண் என்று சொல்லமாட்டேன். போன வருடப் பலகையோடு இந்த வருடத்தை ஒப்பிட வேண்டுமென்றால் அதே பெட்டிகள்தான் வேண்டும். நூற்றுக்கு மேல் தாள் இருந்து, நாலைந்து பேர் பிரித்து வேலை செய்தாலும் அதுதான் கட்டுக்குள் நிற்கும். கேஜேக்கு ஒரு மாலைப் பொழுதும், எல்லாத் தாளையும் படித்த இரண்டு பேரும் வேண்டும். ஒருவரே செய்தால் அவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் பெட்டிதான் வேறு பெயரில் வரும்.

இந்தப் பள்ளிக்கு நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். அறிக்கையில் ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே தாள் எண்களைப் போட்டுவிட்டால், "இதை யார் சொன்னது?" என்று கேட்பவர் படத்தில் தானே தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.