ஃப்ளட் ஃபில் ரோபோ: நீண்ட நாள் ஓட்டியதில், தொல்லை எல்லாம் திருப்பத்தில்தான்

சேலத்தில் சுவர் வைத்த புதிர்ப்பாதை போட்டு, அதன் நடுவுக்கு ஃப்ளட் ஃபில் முறையில் தானே வழி தேடிப் போகும்படி ஓட்டிவரும் சிறு ரோபோ பற்றிய அனுபவம் இது. கட்டம் 18 செ.மீ., சுவர்த் தடிமன் 12 மி.மீ., மொத்தம் 16×16 கட்டங்கள். ரோபோவின் அகலம் 10 செ.மீ.

ஃப்ளட் ஃபில் கணக்கு எளிது. முதலில் எல்லாக் கட்டங்களுக்கும் 255 என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நடுவில் உள்ள இலக்குக்கு 0, அதிலிருந்து சுவர் மறிக்காத பக்கத்துக் கட்டங்களுக்கு 1, 2, 3 என்று எண் பரவும். ரோபோ எப்போதும் எண் குறையும் கட்டத்துக்கு நகரும். புதுச் சுவர் தெரிந்தால் இரண்டு பக்கக் கட்டத்திலும் குறித்துவிட்டு எண்களை மறுபடி நிரப்ப வேண்டும்:

```
walls[x][y]   |= NORTH;
walls[x][y+1] |= SOUTH;
```

இந்தப் பகுதி ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் பிறகு தொல்லை தராது. வரைபடத்தைக் கெடுப்பது திருப்பம்தான்.

250 மில்லிவினாடி மோட்டாரை ஓட்டினால் 90 பாகை திரும்பும் என்று பேட்டரி 8.4 வோல்ட்டில் இருக்கும்போது அளந்து வைத்ததாகக் கொள்வோம். 7.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் அதே நேரத்தில் ஏறக்குறைய 79 பாகைதான் திரும்பும். மிச்சம் 11 பாகையோடு ஒரு கட்டம் முன்னே போனால் 34 மி.மீ. பக்கவாட்டில் விலகும். 168 மி.மீ. வழியில் ரோபோவுக்கு ஒவ்வொரு புறமும் இருக்கும் இடமும் அதே 34 மி.மீ.தான். சுவரை உரசும், அதற்கு முன்பே முன்பக்க சென்சார் பக்கச் சுவரைச் சாய்வாகப் பார்த்து, எதிரே சுவர் இருப்பதாக எழுதிவிடும். அப்படி ஒரு பொய்ச்சுவர் ஒரே வழியை அடைத்துவிட்டால், நிற்கும் கட்டத்தின் எண் 255 ஆகவே நிற்கும். அதைப் பார்த்ததும் கோட்பாட்டில் குறை தேடாமல், கடைசித் திருப்பத்துக்குப் பின் பதிந்த சுவர்களை முதலில் அழித்துப் பாருங்கள்.

ஆகவே நேரத்தை நம்பாமல், சக்கரம் எவ்வளவு சுழன்றது என்று காட்டும் என்கோடரின் துடிப்புகளை எண்ணுவதே நல்லது. சக்கர இடைவெளி 80 மி.மீ., விட்டம் 32 மி.மீ. என்றால், நின்ற இடத்தில் 90 பாகை திரும்ப ஒவ்வொரு சக்கரமும் எதிரெதிராக 62.8 மி.மீ. உருள வேண்டும். ஒரு சுற்றுக்கு 360 எண்ணிக்கை தரும் என்கோடரில் அது 225. டயரில் தூசி படிந்தால் சக்கரம் வழுக்கி எண்ணிக்கை பொய்யாகும். ஓட்டத்துக்கு முன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

திரும்பியவுடன் சுவரைப் பதியாமல், கட்டத்தின் நடுவுக்கு வந்த பிறகு மூன்று அளவீடுகள் ஒத்தால் மட்டும் பதிவது இன்னொரு காப்பு. சேலத்து மதிய வெயில் ஜன்னல் வழியே விழும் இடத்தில் சென்சாரின் அகச்சிவப்பு விளக்கை அணைத்து ஓர் அளவு, ஏற்றி ஓர் அளவு எடுத்துக் கழித்தே ஆக வேண்டும்.

திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோ வைத்தவர்கள் ஏற்காட்டுக் குளிரில் ஓட்டும்போது, அசையாமல் நிற்கையில் அது காட்டும் பூஜ்ய அளவைக் கீழே சேலத்தில் எடுத்தபடியே வைத்துக்கொள்ளக் கூடாது. வெப்பம் மாறினால் அது நகரும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இரண்டு வினாடி அசையாமல் நிறுத்திப் புதிதாகச் சராசரி எடுங்கள்.