பெல் நோட்டிஃபிகேஷனா, போஸ்ட்டா?

மயிலாப்பூரில் யூடியூப் சமையல் சேனல் நடத்தும் தோழிக்கு ஒரே குழப்பம்: முதல் ஒரு மணி நேரப் பார்வைகளுக்கு நோட்டிஃபிகேஷன் போதுமா, சேனல் பக்கத்தில் போடும் கம்யூனிட்டி போஸ்ட்டும் வேண்டுமா?

உழைப்பு: நோட்டிஃபிகேஷன் தானாகப் போகும். போஸ்ட்டுக்குப் படமும் நாலு வரியும் வேண்டும்.
வரம்பு: ஒரு சேனலிலிருந்து ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 3 வீடியோ நோட்டிஃபிகேஷன்தான்.
அளவீடு: யூடியூப் ஸ்டுடியோவின் டிராஃபிக் பகுதியில் நோட்டிஃபிகேஷனுக்குத் தனி வரி உண்டு. போஸ்ட்டின் பங்கை ஒப்பிட்டுத்தான் அறிய வேண்டும்.

அதனால் எட்டு வியாழக்கிழமைகள், சரியாக இரவு 7 மணிக்கு வீடியோ. ஒரு வாரம் போஸ்ட்டோடு, மறுவாரம் இல்லாமல். முதல் ஒரு மணி நேரப் பார்வைகள் போஸ்ட் இல்லாத வாரங்களில் சராசரி 200, உள்ள வாரங்களில் 210 என்று வைத்துக்கொள்வோம். அப்போது நோட்டிஃபிகேஷன் வரியில் 30 குறைந்திருந்தால், வழக்கமாக வருபவர்களே வேறு வாசல் வழியாக வந்திருக்கலாம். மொத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். தீபாவளி வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தினமும் வீடியோ போடுபவருக்கு நோட்டிஃபிகேஷனே போதும். மாதம் இரண்டு போடுபவர் போஸ்ட்டையும் சோதித்துப் பார்க்கலாம்.